16 நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாரியம்மன் பொங்கல் – மாவிளக்கு எடுக்கலாமா?

அம்மாபேட்டை செல்வி · சனி, இரவு 9.40

வணக்கம். ஒரு குழப்பம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் மகளுக்குத் தலைப் பிரசவம். ஆடி முதல் வெள்ளி அன்று ஆண் குழந்தை பிறந்தது. இரண்டும் நல்லபடியாக இருந்தால் கோட்டை மாரியம்மனுக்கு இந்த ஆடியிலேயே மாவிளக்கு எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். மகளும் பேரனும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த செவ்வாய் பூச்சாட்டு. அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி, அதிகாலை 3 மணிக்கு ஆத்தூரில் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் தவறிவிட்டார். கூடப் பிறந்தவர் மாதிரிதான். வெள்ளி சாயங்காலம் எடுத்தார்கள். கருமாதி 16ஆம் நாள்.

இப்போது பிறப்பும் இறப்பும் சேர்ந்துவிட்டது. என் மாமியார் இரண்டையும் கூட்டச் சொல்கிறார். ஓரகத்தி, கட்டிக்கொடுத்த பெண் பிள்ளை பெற்றால் நமக்குத் தீட்டே இல்லை என்கிறார். கோயில் பொங்கல் பூச்சாட்டுக்குப் பதினைந்து நாள் கழித்து, புதன்கிழமை. கையில் கணக்குப் போட்டால் கருமாதிக்கு இரண்டு நாள் முந்தி விழுகிறது. நான் போகலாமா? இல்லை வேறு யாராவது எடுக்கலாமா?

தறிக்காரன் · சனி, இரவு 10.05

அக்கா, கூட்டத்தான் வேண்டும். பிறப்புக்கு 11, இறப்புக்கு 16, ஆக 27 நாள். அதுவும் அந்தந்தத் தீட்டு எங்கே முடிகிறதோ அங்கிருந்து அடுத்தது ஆரம்பிக்கும். இந்த ஆடி போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி இப்படித்தான் சொல்வார்.

வார்டு சிஸ்டர் · சனி, இரவு 10.30

நான் பிரசவ வார்டில் பதினெட்டு வருடமாக நர்ஸ். ஒரு ஷிஃப்டில் நாலைந்து பிரசவம் பார்ப்பேன். நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் எனக்கு ஆயுசுக்கும் கோயில் கிடையாது! டியூட்டி முடிந்ததும் குளித்துவிட்டு நேரே சுகவனேசுவரர் கோயிலுக்குப் போகிறேன். இதெல்லாம் அந்தக் காலத்தில் தொற்று பரவாமல் இருக்க வைத்தது. அம்மையும் காலராவும் இருந்த காலம். இப்போது சோப்பு, டெட்டால் எல்லாம் இருக்கிறது. பச்சை உடம்புக்காரி கூட்டத்தில் போகக் கூடாது, அது சரி. மற்றவர்களுக்கு என்ன?

செவ்வாய்ப்பேட்டை சிவம் · ஞாயிறு, காலை 6.15

செல்வி அம்மா, நான் குருக்கள் வீட்டுப் பிள்ளை. அப்பா இன்னும் முறை பார்க்கிறார், நான் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் தினமும் பேசுகிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தறிக்காரன் அண்ணன் சொன்ன கூட்டல். தீட்டைக் கூட்டுவது எந்த சாஸ்திரத்திலும் கிடையாது. ஒரே வகைத் தீட்டு ஒன்றுக்குள் இன்னொன்று வந்தால், முதலாவது முடியும்போது இரண்டாவதும் முடிந்துவிடும். பங்காளி ஒருவர் இறந்து 5ஆம் நாள் இன்னொரு பங்காளி இறந்தால், முதல்வருக்கு உரிய நாளோடு இருவருக்கும் சேர்ந்து கழிந்தது. இரண்டாவது இறப்பு கடைசி நாள் இரவில் நடந்தால் மட்டும் இரண்டு நாள், விடியற்காலையில் நடந்தால் மூன்று நாள் நீட்டுவார்கள். பெற்றவர்கள் விஷயத்தில் இந்தச் சலுகை செல்லாது. பிள்ளைகளுக்கு முழு நாள் உண்டு.

பிறப்பும் இறப்பும் கலந்தால் இறப்புக்குத்தான் கனம். சாவுத் தீட்டுக்குள் குழந்தை பிறந்தால் சாவுத் தீட்டோடு அதுவும் போகும். பிறப்புத் தீட்டுக்குள் சாவு வந்தால் சாவுக்கு உரிய நாள் முழுசாக ஓட வேண்டும். எந்த வகையிலும் 27 வராது.

இனி உங்கள் பிறப்புத் தீட்டு. மகள் கல்யாணமாகிப் போனவள். பேரன் உங்கள் மருமகன் வீட்டு வம்சம். பிறப்புத் தீட்டு நியாயமாக அவர்கள் பங்காளிகளுக்குத்தான். பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பில் நடந்ததால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு மூன்று நாள் வைப்பார்கள். உங்கள் ஓரகத்திக்கு அதுவும் கிடையாது, அவர் சொன்னது அவரைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் பச்சை உடம்புக்காரி இருக்கிற வீடு என்பதால் 11ஆம் நாள் புண்ணியாதானம் செய்து வீடு முழுக்கத் தண்ணீர் தெளிக்கும் வரை அந்த வீட்டிலிருந்து கோயிலுக்குப் பூ, தேங்காய் கொண்டுபோக மாட்டார்கள். ஆடி முதல் வெள்ளி ஒன்று என்று வைத்தால் 11ஆம் நாள் திங்கள், அதாவது நாளைக்கே. அது முடிந்துபோகும். மகளுக்கும் குழந்தைக்கும் மட்டும் 40 நாள் கணக்கு தனி.

ஆக மிச்சம் இருப்பது சாவுத் தீட்டு ஒன்றுதான். சாயங்காலம் மீதியை எழுதுகிறேன், இப்போது கடை திறக்க வேண்டும்.

தறிக்காரன் · ஞாயிறு, காலை 7.00

அப்போ பாட்டி சொன்னது பொய்யா தம்பி?

ஓமலூர் வாத்தியார் · ஞாயிறு, காலை 8.20

பொய் இல்லை ஐயா. உங்கள் பாட்டி காலத்தில் ஒரே வாசலுக்குள் நாலு அண்ணன் தம்பி குடும்பம். பிறப்பு 11 முடிகிற நாளில் இறப்பு வந்திருக்கும், அடுத்தடுத்து 27 நாள் கோயில் போகாமல் இருந்திருப்பார்கள். அது கூட்டினதாக நினைவில் நின்றுவிட்டது.

சிவம் தம்பியிடம் ஒரு கேள்வி. மனு சொன்னது பார்ப்பனருக்கு 10, அரசருக்கு 12, வணிகருக்கு 15, நமக்கெல்லாம் 30 நாள். கீழே போகப் போகத் தீட்டு நீளுகிறது. இதற்கு என்ன நியாயம்? முப்பது நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தால் எவன் வீட்டில் அடுப்பு எரியும்?

செவ்வாய்ப்பேட்டை சிவம் · ஞாயிறு, மாலை 7.45

வாத்தியார் ஐயா, அந்த வரிசை அங்கே அப்படித்தான் இருக்கிறது, நான் மறைக்கப் போவதில்லை. அதற்கு நியாயம் சொல்லவும் எனக்கு வராது. நடைமுறை வேறு என்று மட்டும் சொல்வேன். சேலத்தில் பெரும்பாலான சமூகத்தில் 16ஆம் நாள் கருமாதி, அதோடு தீட்டுக் கழிந்தது. முப்பது நாள் காத்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. எங்களுக்கு 10 முடிந்து 11. எந்த ஊரிலும் கோயில் வாசலில் மனுவை வைத்துக்கொண்டு யாரும் நாள் எண்ணுவது கிடையாது. அந்தந்த வீட்டுப் பெரியவர் எண்ணுவதுதான். மனுவிலேயே அதற்கு முன்னால் ஓர் இடத்தில் பங்காளிக்குப் பத்து நாள், அல்லது எலும்பு பொறுக்கும் வரை, அல்லது மூன்று நாள், அல்லது ஒரு நாள் என்று போட்டிருக்கிறது. அன்றைக்கே எல்லோருக்கும் ஒரே கணக்கு இருக்கவில்லை.

சிஸ்டர் அம்மாவுக்கு. நீங்கள் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவது முறைப்படியே சரி. உறவில்லாதவர் தொட்டால் வருகிற தீட்டு குளித்தால் போகும், அது எழுதி வைத்ததே. ஆனால் தொற்றுக்காக வைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சவத்தைக் குளிப்பாட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர், பாடை தூக்குகிறவர், இவர்களெல்லாம் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு அன்றைக்கே கோயிலுக்குப் போகலாம். பிணத்தைக் கண்ணால் பார்க்காத, துபாயில் இருக்கிற பங்காளிக்கு 16 நாள் தீட்டு. கிருமி கணக்கென்றால் இது தலைகீழாக இருக்க வேண்டும். பிறப்பிலும் அதேதான். வேறு ஊரில் இருக்கிற சித்தப்பனுக்குத் தீட்டு, குழந்தையைக் கையில் வாங்கிய மருத்துவச்சிக்கு முழுக்கு.

எங்கள் வீட்டில் அப்பா சொல்வது இது. இறந்தவருக்கு முதல் பத்து நாள் தினம் ஒரு பிண்டம் வைப்பது ஒரு உடம்பைக் கட்டிக் கொடுக்கிற வேலை. தலை, கழுத்து, கை என்று ஒவ்வொன்றாக. அந்தப் பிண்டத்துக்குப் பாத்தியப்பட்டவர்கள்தான் சபிண்டர், நம் ஊரில் பங்காளி. உயிருக்குப் பிண்டம் வைக்கிற கையும் சாமிக்குப் பூ வைக்கிற கையும் ஒரே சமயத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். 'நீ பாவி, உள்ளே வராதே' என்று சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. கோயில் பக்கம் பார்த்தால் வேறு காரணம் இருக்கிறது. கர்ப்பக்கிருகத்துக்குத் தீட்டு நுழைந்தால் பிராயச்சித்தம், சம்புரோட்சணம் என்று பூஜை நிற்கும். அதனால்தான் எங்களுக்கே தீட்டு வந்தால் அடுத்த முறைக்காரர் வந்து நடை திறப்பார்.

தெருவில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கும் வரை அந்தத் தெருக் கோயிலில் உச்சிக்காலப் பூஜை நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தத் தெருவில் எல்லோரும் பங்காளியா என்ன? அது சவம் கிடக்கிற இடத்தை வைத்து வருவது. எடுத்து வாசல் தெளித்துவிட்டால் முடிந்தது. பங்காளித் தீட்டு அதோடு முடியாது.

வார்டு சிஸ்டர் · ஞாயிறு, இரவு 8.10

பிண்டம் சரி. பிறப்புக்கு எங்கே பிண்டம் வைத்தார்கள்?

செவ்வாய்ப்பேட்டை சிவம் · ஞாயிறு, இரவு 8.30

நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. பிறந்த குழந்தையும் அதே உடம்பின் பங்கு, அதனால் ஒரே ஆட்களுக்கு வருகிறது என்று அப்பா சொல்வார். மனுவிலேயே பிறப்புத் தீட்டு தாய்க்கு மட்டும், தகப்பன் குளித்தால் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நம் ஊரில் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

குகை வாசி · ஞாயிறு, இரவு 9.15

சிவம் சார், பங்காளி என்றால் எத்தனை தலைமுறை? எங்கள் குலதெய்வத்துக்கு வரி கொடுக்கிற வீடு மட்டும் 340 தலைக்கட்டு. வருடம் முழுக்க எவன் வீட்டிலாவது சாவு, எவன் வீட்டிலாவது பிரசவம். எல்லாவற்றுக்கும் பார்த்தால் நாங்கள் சாமி கும்பிடவே முடியாது.

ஓமலூர் வாத்தியார் · ஞாயிறு, இரவு 9.40

ஏழு தலைமுறை என்று புத்தகத்தில். அதற்கு மேல் பதினாலு வரைக்கும் மூன்று நாள் தீட்டு. நடப்பில் மூன்று தலைமுறைதான் பார்க்கிறோம். எங்கள் பக்கம் ஒரு எளிய அடையாளம் வைத்திருக்கிறோம். ஒரு சாவில் எந்த வீட்டு ஆண்கள் மொட்டை போட வேண்டியவர்களோ, எந்த வீட்டில் தாளிப்பு நிறுத்துகிறார்களோ, அந்த வீடுதான் தீட்டு வீடு. எவன் கோடித்துணி கொண்டுவந்து போடுகிறானோ அவன் மாமன் மச்சான், அவனுக்குத் தலை முழுகினால் முடிந்தது. கோடி போட வேண்டியவன் வந்து தீட்டு எத்தனை நாள் என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள்.

செல்வி அம்மா, இறந்தவர் உங்கள் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். இரண்டாவது தலைமுறையிலேயே பங்காளி. சந்தேகமே இல்லை, உங்கள் வீடு தீட்டு வீடுதான். அவர் மொட்டை போடப்போகிறாரா?

அம்மாபேட்டை செல்வி · ஞாயிறு, இரவு 10.00

போடுகிறார் ஐயா. 16ஆம் நாள்.

இன்னொரு சிக்கல் எழுத விட்டுவிட்டது. என் கொழுந்தனார் மகன், 22 வயது, பூச்சாட்டு அன்று காப்புக் கட்டிக்கொண்டான். பொங்கல் அன்று அலகு போடுகிறேன் என்று வேண்டுதல். காப்புக் கட்டி இரண்டு நாளில் சாவு வந்தது. அவனை ஆத்தூருக்கே அழைத்துப் போகவில்லை. அவன் காப்பை அவிழ்க்க வேண்டுமா?

குகை வாசி · ஞாயிறு, இரவு 10.20

அவிழ்க்கத்தான் வேண்டும். எங்கள் அண்ணனுக்கு அப்படித்தான் நடந்தது. ஐந்து வருடம் முன்னால், ஒரு கோயிலில் காப்புக் கட்டி எட்டு நாள் விரதம், தரையில் படுக்கை, ஒரு வேளைச் சோறு. ஒன்பதாம் நாள் சித்தப்பா போனார். பூசாரி எல்லோர் முன்னாலும் வைத்துக் காப்பை வெட்டி வாங்கிக்கொண்டார். அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். மீசை வைத்த ஆள், அழுவார் என்று யாரும் நினைக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கோயில் பக்கம் அவர் போவதே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை சிவம் · திங்கள், காலை 6.00

இங்கேதான் ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் மாறும். சாஸ்திர முறை என்னவென்றால், விரதம் எடுத்து சங்கல்பம் செய்துகொண்டவருக்கு அந்த விரதம் முடிகிற வரை அந்த விரத காரியத்தில் தீட்டு ஒட்டாது. கல்யாணத்தில் நாந்தி முடிந்தபின் சாவு வந்தால் கல்யாணத்தை நிறுத்துவதில்லை, அதே நியாயம். பெரிய கோயிலில் பிரம்மோற்சவத்துக்குக் கங்கணம் கட்டிய ஆசாரியருக்குக் கொடி இறங்கும் வரை தீட்டில்லை. கங்கணமும் காப்பும் ஒரே பொருள்தான். கட்டுவதே நடுவில் எதுவும் வந்து கெடுக்கக் கூடாது என்று.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எங்கள் அப்பா உற்சவ முறை வந்தால் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுவார். தீட்டு காதில் விழுந்த நேரத்தில் இருந்துதான் ஆரம்பம். சேதி தெரியாதவனுக்குத் தீட்டில்லை. ஒரு தடவை அத்தை பேரன் பிறந்ததை வாசலில் நின்று சொல்ல வந்த தம்பியைப் பார்த்து, 'இப்ப ஒண்ணும் பேசாத, அர்த்தசாமத்துக்கு அப்புறம் சொல்லு' என்று விரட்டிவிட்டார். அத்தை பேரன் எங்களுக்குத் தீட்டே இல்லை என்பது ராத்திரிதான் தெரிந்தது.

ஆனால் அம்மன் கோயில் வேறு. அங்கே பூசாரி சொல்வதே முறை. சில பூசாரி, பையன் சாவு வீட்டுக்குப் போகவில்லை, அந்த வீட்டுச் சோறு தண்ணீர் தொடவில்லை, தன் வீட்டிலும் தங்காமல் கோயிலிலோ நண்பன் வீட்டிலோ படுத்தால் காப்பு நிற்கும் என்பார். சிலர் வெட்டிவிடுவார்கள். செல்வி அம்மா, பையனை நீங்களாக எதுவும் முடிவு செய்யாமல் காப்புக் கட்டிய அதே பூசாரியிடம் இன்றைக்கே அனுப்புங்கள். மறைத்துவிட்டுப் பொங்கல் அன்று போய் நின்றால், பங்காளி எவனாவது சொல்லிக் கொடுத்துப் பெரிய சண்டையாகும்.

வார்டு சிஸ்டர் · திங்கள், காலை 6.40

அலகு போடுகிற பையனுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாச்சா என்று யாராவது கேட்டீர்களா? காப்பு கிடக்கட்டும்.

நாகலூர் மணி · திங்கள், காலை 11.30

மலையில் இருந்து எழுதுகிறேன். நெட் வந்தது. இது கோயில் தீட்டு பற்றிய பேச்சு என்பதால் என் கேள்வியும் இங்கேயே கேட்கிறேன்.

எங்கள் அப்பா மாசியில் இறந்தார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. ஒரு வருடம் மலைக்கோயில் போகக் கூடாது என்று கீழே சேலத்தில் இருக்கிற மாமா போன் போட்டுச் சொன்னார். பழனி போகாதே, திருப்பதி போகாதே, ஊத்துமலை போகாதே என்றார். மாமா, நான் குடியிருப்பதே மலையில்தானே என்றேன். ஏற்காடு ஏறி வந்துதான் நீங்கள் எங்கள் வீட்டுக்கே வருகிறீர்கள். நான் தினமும் காலையில் காப்பித் தோட்டத்துக்குப் போகிற வழியே கோயில் வழிதான். அப்படியானால் நான் ஒரு வருடம் கீழே போய்க் குடியிருக்க வேண்டுமா?

ஓமலூர் வாத்தியார் · திங்கள், பகல் 12.10

மணி, சிரித்து முடியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை சிவம் · திங்கள், மாலை 7.20

மணி அண்ணே, ஒரு வருடக் கணக்கு தீட்டு இல்லை. தீட்டு 16ஆம் நாளோடு போய்விட்டது, அதற்கப்புறம் நீங்கள் பக்கத்துக் கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம். ஒரு வருடம் என்பது பெற்றவருக்குக் காரியம் செய்யும் மகனுக்கு மட்டும். மாசாமாசம் மாசிகம், வருட முடிவில் ஆண்டு திதி. அது வரைக்கும் இறந்தவர் முன்னோர் வரிசையில் சேரவில்லை. சேர்க்கிற வேலை உன் தலையில் இருக்கும்போது தூர யாத்திரை வேண்டாம் என்பதுதான் மூலம். மலைக்கோயில் அந்தக் காலத்தில் நடந்து போய் வர நாள் கணக்காகும் யாத்திரை. யாத்திரை வேண்டாம் என்றது மலை வேண்டாம் என்று ஆகி, பங்காளி அனைவருக்கும் பரவிவிட்டது. மாமாவிடம் சொன்னால் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.

நாகலூர் மணி · திங்கள், இரவு 8.00

ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாமா மாதிரிச் சொல்லவில்லை, அப்பா இறந்து மூன்று மாதம்கூட ஆகாத வீடு, இந்தத் திருவிழாவுக்குக் குகைக்குள் வராதே, வெளியே நின்று கும்பிடு என்றார்கள். நானும் வெளியேதான் நின்றேன். குகைக்குள் தலை குனிந்து போய்ச் சேர்வராயனையும் காவேரியம்மனையும் பார்க்கிற இடம், வருடம் ஒரு தடவை கூட்டத்தோடு போவது. இந்த மே மாதம் முதல் தடவையாக வெளியிலேயே நின்றேன். பனி இறங்கி எதிரில் நிற்கிறவன் தெரியவில்லை, உள்ளே மணிச் சத்தம் மட்டும் வந்தது. உங்கள் சாஸ்திரத்தில் 16 நாள், மாமா கணக்கில் ஒரு வருடம், எங்கள் ஊர்க் கணக்கு நடுவில் எங்கேயோ. எது சரி என்று நான் கேட்கவில்லை.

தறிக்காரன் · திங்கள், இரவு 8.30

கேரளாவில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். இங்கேயும் உண்டு, கோயில் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் உள்ளே விட மாட்டார்கள்.

ஓமலூர் வாத்தியார் · திங்கள், இரவு 9.00

கேரளத்தில் உண்டு. 1965இல் போட்ட கோயில் நுழைவு விதிகளில், பிறப்பு இறப்புத் தீட்டு உள்ளவர் நுழையக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இங்கே நான் போன எந்தக் கோயில் வாசலிலும் உன் வீட்டில் சாவா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது. அவனவன் மனசாட்சியும், பக்கத்தில் நிற்கிற பங்காளியின் கண்ணும்தான் காவல்.

செல்வி அம்மா கேட்டதில் நாள் எண்ணுவது ஒன்று பாக்கி இருக்கிறது. அதிகாலை 3 மணி என்றால் வியாழனா வெள்ளியா?

செவ்வாய்ப்பேட்டை சிவம் · திங்கள், இரவு 9.50

அதைத்தான் எழுத வந்தேன். இறப்புச் சான்றிதழில் வெள்ளி என்றுதான் இருக்கும், அதை விடுங்கள். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடியவில்லை என்றால் இன்னும் வியாழன். அப்படி எண்ணினால் வியாழன் 1, புதன் 7, அடுத்த புதன் 14, வெள்ளி 16. பொங்கல் புதன் 14ஆம் நாள்.

இன்னொரு முறையும் உண்டு. இரவை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு பங்கில் நடந்தால் முந்திய நாள், கடைசிப் பங்கில் நடந்தால் அடுத்த நாள். இப்போது சூரியன் மறைவது 6.45 சுமார், உதயம் 6 மணி. இரவு 11¼ மணி நேரம். ஒரு பங்கு 3¾ மணி. கடைசிப் பங்கு 2.15க்குத் தொடங்கும். 3 மணி அதற்குள் விழுகிறது. அப்படிப் பார்த்தால் வெள்ளி 1, 16ஆம் நாள் சனி. எதைப் பிடிக்கிறோம் என்பதை ஆத்தூர் வீட்டில் முதல் நாளே முடிவு செய்திருப்பார்கள். கருமாதிப் பத்திரிகையில் என்ன கிழமை போட்டிருக்கிறது?

அம்மாபேட்டை செல்வி · செவ்வாய், காலை 9.15

வெள்ளிக்கிழமை. அப்படியானால் வியாழனில் இருந்துதான் எண்ணியிருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை சிவம் · செவ்வாய், காலை 9.40

அப்போது விடை நேராக வந்துவிட்டது. பொங்கல் புதன் 14ஆம் நாள், உங்கள் வீட்டு அரிசியில் இடித்த மாவில் விளக்குப் போட முடியாது. வேண்டுதல் 'இந்த ஆடியில்' என்றுதானே, பொங்கல் அன்று என்று சொல்லவில்லையே? கருமாதி வெள்ளிக்கு அப்புறம் ஆடி முடிவதற்குள் இன்னும் ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் இருக்கின்றன. கருமாதி முடித்து வீடு கழுவி அடுத்த செவ்வாய் எடுங்கள். ஆடி வேண்டுதல் ஆடியிலேயே நிறைவேறும்.

பொங்கல் அன்றே வேண்டும் என்றால் உங்கள் அண்ணன் தம்பி வீட்டில் மாவிளக்கு போட்டு உங்களுக்காக எடுக்கலாம். தாய்வீடு பங்காளி இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக் காசு, உங்கள் வீட்டுச் சாமான் அதில் சேரக் கூடாது.

வார்டு சிஸ்டர் · செவ்வாய், காலை 10.05

காசுக்கும் தீட்டா? என்னமோ போங்க.

குகை வாசி · செவ்வாய், காலை 10.30

இப்போதெல்லாம் மூன்றாம் நாளே கருமாதி முடிக்கிறார்களே, லீவு கிடைக்கவில்லை என்று. அப்படி முடித்தால் நாலாம் நாள் கோயிலுக்குப் போகலாமா?

ஓமலூர் வாத்தியார் · செவ்வாய், காலை 11.00

முடிக்கிறார்கள். ஆனால் காரியம் முன்கூட்டி முடிந்தாலும் தீட்டு நாள் 16 வரை ஓடுகிறது என்று எங்கள் ஊரில் சொல்கிறோம். நகரத்தில் காரியம் முடிந்த அன்றே முடிந்தது என்கிறார்கள். இதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் மகன் மூன்றாம் நாள் கட்சி.

அம்மாபேட்டை செல்வி · புதன், இரவு 9.30 (அடுத்த வாரம்)

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது.

பையன் பூசாரியிடம் போனான். அவர் முதலில் கேட்டது, ஆத்தூர் போனாயா என்று. போகவில்லை என்றதும், தன் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு பாய் போட்டுக் கொடுத்து, பொங்கல் வரைக்கும் வீட்டு வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவன் அம்மா தெருவில் எதிரில் நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போவாள், பேச மாட்டாள். இன்றைக்கு அலகு போட்டான். ஊசியும் போட்டோம் சிஸ்டர். ஆனால் ஆத்தூர்க்காரர்களுக்குக் கோபம். பெரியவர் போய் 14 நாள் ஆகவில்லை, இவன் மேளத்தோடு ஆடுகிறான் என்கிறார்கள்.

நான் இன்றைக்குத் தெருமுனையில் நின்று பார்த்தேன். என் வீட்டு வாசலில் கோலம் இல்லை, தெருவில் எங்கள் வாசல் மட்டும்தான் காலியாகத் தெரிந்தது. வெள்ளி கருமாதி. செவ்வாய் மாவிளக்கு. பச்சரிசி ஊற வைப்பது திங்கள் ராத்திரி என்று ஓரகத்தி சொல்கிறார், மாமியார் செவ்வாய் காலை என்கிறார். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதா சிவம் தம்பி?

நாகலூர் மணி · வியாழன், காலை 7.10

ராத்திரி ஊற வைத்தால் மாவு புளிச்ச வாசம் அடிக்கும் அக்கா. காலையில் இரண்டு மணி நேரம் போதும். இது சாஸ்திரம் இல்லை, எங்க அம்மா சொன்னது.